ஐந்து நாள் ஊசி போட்டால் மஜ்ஜை வற்றிவிடுமா?

கேள்வி: என் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். என்னுடைய ஸ்டெம் செல் அவளுக்குப் பொருந்துகிறதாம். ஐந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பு வழியாக ரத்தத்திலிருந்தே எடுப்பார்களாம். எலும்புச் சாறு வற்றிப்போகும், அப்புறம் செம்பனைக் குலை வெட்டவே முடியாது என்று அம்மா அழுகிறார். அந்த ஊசி உள்ளே என்னதான் செய்கிறது? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? – பகாவ் வாசகர், வயது 34, எடை 60 கிலோ

வற்றாது. அந்த ஊசி மஜ்ஜையைப் பிழிந்து எதையும் எடுப்பதில்லை. ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் கையைச் சில நாள் தளர்த்துகிறது, அவ்வளவுதான். அந்தக் கை யாருடையது என்று புரிந்தால் அம்மாவுக்கு நீங்களே விளக்கிவிடலாம்.

மஜ்ஜைக்குள் ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் ஓரத்தில் ஸ்ட்ரோமா அணுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவை ரத்தமாக மாறுவதில்லை. நீண்ட கிளைகளை நீட்டி, ஸ்டெம் செல்களை அணைத்தபடி இருக்கின்றன. ஸ்டெம் செல்லின் குணத்தை அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது என்று 1978-லேயே இங்கிலாந்தின் ரே ஸ்கோஃபீல்டு எழுதினார். அந்த இடத்தில் இருக்கும் அணுக்கள் எவை என்று அடையாளம் காணப் பல ஆண்டுகள் ஆயின.

தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் பெற்றோர் பால் வெட்டப் போனதும், பிள்ளைகள் ஆயாவின் மடியில் மறுபடி தூங்கிவிடும். ஸ்ட்ரோமா அணு அந்த ஆயா மாதிரி. அது சி.எக்ஸ்.சி.எல்-12 என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஸ்டெம் செல்லின் மேல் அதற்கென்றே ஓர் ஏற்பி உண்டு. அந்தச் சுரப்பு இருக்கும்வரை ஸ்டெம் செல் இடத்தை விட்டு நகராது, இரண்டாகப் பிரியாமல் உறங்கும். எலிகளில் மிக ஆழ்ந்து உறங்குகிற ஸ்டெம் செல் ஏறத்தாழ 145 நாளுக்கு ஒருமுறைதான் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுவில் பிழை சேரக்கூடும் என்பதால், இந்த உறக்கம் அதற்கு ஒரு காப்பு.

ஊசியின் பெயர் ஜி-சி.எஸ்.எஃப். கிருமித் தொற்று வந்தால் உடம்பே சுரக்கும் பொருள்தான், இங்கே கூடுதல் அளவில் கொடுக்கிறார்கள். அது ஸ்டெம் செல்லையே நேராகத் தட்டி எழுப்புகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை வேறு. ஜி-சி.எஸ்.எஃப்-ஐ உணரவே முடியாத ஸ்டெம் செல்களை எலிகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுற்றியிருந்த மற்ற அணுக்களால் அதை உணர முடிந்தபோது, இந்த ஸ்டெம் செல்களும் ரத்தத்துக்கு வந்துவிட்டன. ஆக, மருந்து பேசுவது அக்கம்பக்கத்தாரோடு. மஜ்ஜையில் உள்ள, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள், சுரப்பை விடாதே என்று ஸ்ட்ரோமா அணுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஊசி போட்டதும் அந்தச் சொல் நின்றுபோகிறது. சி.எக்ஸ்.சி.எல்-12 குறைகிறது, பிடி தளர்கிறது, சில ஸ்டெம் செல்கள் ரத்த ஓட்டத்தில் நழுவுகின்றன. ஆயாவைக் கொஞ்ச நேரம் வெளியே கூப்பிட்டால் சில பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடும் அல்லவா? கொட்டகையும் இடியவில்லை, ஆயாவும் ஓடிவிடவில்லை. ஊசி நின்ற சில நாளில் சுரப்பு பழையபடி ஏறுகிறது. ரத்தத்தில் மிஞ்சிய ஸ்டெம் செல்களில் பல அதே வாசனை பிடித்து மஜ்ஜைக்கே திரும்புகின்றன.

அப்படியானால் எலும்பு ஏன் வலிக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் குடையும். காரணம் ஸ்டெம் செல் வெளியேறுவது அல்ல. ஜி-சி.எஸ்.எஃப் வெள்ளணுக்களின் இளம் தலைமுறையை மும்முரமாகப் பெருக்குவதால் மஜ்ஜை நெருக்கடியாகிறது. பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். பயப்பட வேண்டாம், ஊசி நின்றால் இறங்கிவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். 60 கிலோவுக்கு நாளொன்றுக்கு 600, அதாவது 300 மைக்ரோகிராம் ஊசி இரண்டு. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் குளிர்சாதனப் பெட்டியில், உறைய விடாமல் வையுங்கள். ஐந்தாம் நாள் காலை, சி.டி.34 என்ற ஸ்டெம் செல் அடையாளம் உள்ள அணுக்களை ரத்தத்தில் எண்ணுவார்கள். சாதாரண நாளில் ஒரு மைக்ரோலிட்டரில் ஒருசில மட்டுமே இருக்கும். அது 50-க்கு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் நாலைந்து மணி நேரத்தில் 10 லிட்டர் ரத்தத்தைச் சுற்றவிட்டால், அதில் 50 கோடி அணுக்கள் கடந்து போகும். பாதியைப் பிடித்தாலும் 25 கோடி. தங்கை 50 கிலோ என்றால், கிலோவுக்கு 40 லட்சம் வீதம் தேவை 20 கோடி. ஒரே நாளில் முடிந்தது. எண்ணிக்கை 20 மட்டும் என்றால் கிடைப்பது 10 கோடி, மறுநாளும் வர வேண்டியிருக்கும். அப்போதும் போதாவிட்டால் பிளெரிக்சாஃபோர் என்ற மருந்து இருக்கிறது. அது சி.எக்ஸ்.சி.எல்-12 ஒட்டும் ஏற்பியையே அடைத்து, சில மணி நேரத்தில் பிடியை விடுவிக்கும். இயந்திரத்தில் இருக்கும்போது உதடு மதமதத்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது, சரிசெய்வது சுலபம்.

நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது உங்கள் வேலையைப் பற்றி. இந்த ஊசியால் மண்ணீரல் சற்று வீங்கும். இடித்துக்கொண்டாலோ பாரம் தூக்கினாலோ அது கிழியும் வாய்ப்பு மிக அரிது, ஆனால் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டெம் செல் எடுத்த பிறகு ரத்தத் தட்டணுக்களும் கொஞ்ச நாள் குறைந்திருக்கும், அரிவாள் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். அதனால் முதல் ஊசி நாளிலிருந்து, எடுத்து முடித்து ஒரு பத்து நாள் வரை குலை வெட்டவும் தூக்கவும் வேண்டாம். இதைச் சொல்லியே எம்.சி. கேளுங்கள், பிறகு டாக்டர் பார்த்துச் சொல்லும் நாளில் திரும்புங்கள். இடப்பக்க மேல்வயிற்றிலோ இடத் தோளிலோ திடீர் வலி வந்தால் அது எலும்பு வலி என்று படுத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தங்கையிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. கடுமையான மருந்து கொடுத்து அவளுடைய மஜ்ஜையை முதலில் காலி செய்திருப்பார்கள். உங்கள் அணுக்களை வெறும் ரத்தம் ஏற்றுவது போலத்தான் நரம்பில் விடுவார்கள். அவை தாமாகவே சி.எக்ஸ்.சி.எல்-12 இருக்கும் திக்கில் போய் எலும்புக்குள் அமரும். ஆனால் அங்கே தூங்க விடமாட்டார்கள். காலியான மஜ்ஜையில் மிஞ்சிய ஸ்ட்ரோமா அணுக்களும் உடம்பின் அபாயக் குரல்களும் அவற்றைப் பிரியச் சொல்லி நெருக்கும். உங்களுக்குள் மாதக்கணக்கில் உறங்கியவை அவளுக்குள் அடுத்தடுத்துப் பிரியும். ரத்தம் நிறைந்த பிறகு ஒரு பகுதி மீண்டும் உறக்கத்துக்குப் போக வேண்டும், எல்லாமே ஓடிக்கொண்டிருந்தால் களைத்துத் தீர்ந்துவிடும். பல சுற்று மருந்தால் ஸ்ட்ரோமா அணுக்கள் அடிபட்டிருந்தாலோ, மஜ்ஜை தழும்பேறி நாராகியிருந்தாலோ, நல்ல ஸ்டெம் செல் போனாலும் ஒட்டுவது தாமதமாகும்.

அதனால் மாற்று நடந்தபின் நீங்கள் கேட்க வேண்டிய எண் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை. அது தொடர்ந்து மூன்று நாள் ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்கு மேல் நின்றால் உங்கள் அணுக்கள் அங்கே குடியேறிவிட்டன என்று பொருள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் வரும்.