சுவரைத் தடிப்பாக்கியும் ஜெனரேற்றர் சத்தம் குறையவில்லை

"யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் எங்கள் கட்டிடம். ஜெனரேற்றர் அறைச் சுவருக்கு இன்னொரு வரிசை கல் வைத்துக் கட்டினோம். பக்கத்துக் கந்தோரில் சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னும் தடிப்பாக்கவா?"

வேண்டாம். சத்தம் பெரும்பாலும் காற்றுப்போக்கி லூவரால்தான் போகிறது. 12 சதுர மீற்றர் சுவரில் 1.2 சதுர மீற்றர் சாதாரண லூவர் இருந்தால், மிச்சச் சுவர் எவ்வளவு தடிப்பானாலும் மொத்தத் தடுப்பு 10 டெசிபலைத் தாண்டாது. அதற்குப் பதிலாக 12 டெசிபல் தடுக்கும் ஒலித்தடுப்பு லூவர் வைத்தால் மொத்தம் 22 வரை ஏறும்.

முதலில் சோதியுங்கள். குளிர்ந்த எஞ்சினைச் சுமையில்லாமல் ஓடவிட்டு, லூவரைத் தடித்த பலகையால் ஒரு நிமிடம் மட்டும் மூடுங்கள். வெப்பமானியில் கண் இருக்கட்டும். கந்தோரில் சத்தம் தெளிவாகக் குறைந்தால் காரணம் அதுதான். தரையும் மேசையும் அதிர்ந்தபடி உறுமல் மட்டும் மிஞ்சினால், எஞ்சின் அதிர்வு கட்டிடத்துக்குள் இறங்குகிறது. அதற்கு ஸ்பிரிங் தாங்கிகளையும், எஞ்சினோடு இறுகப் பிணைந்த குழாய்களையும் பாருங்கள்.

லூவர்தான் என்றால், நான் ஒலித்தடுப்பு லூவரோடு நிறுத்தமாட்டேன். அது கீச்சொலியை நன்றாக வெட்டும், டீசல் எஞ்சினின் தாழ்ந்த உறுமலைக் கொஞ்சம்தான். பாறைப்பஞ்சுத் தகடுகள் அடுக்கிய, ஒரு மீற்றரளவு நீளமான சைலன்சரை உள்வரும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மற்றப் பக்கத்தால் சத்தம் வரும்.

ஆனால் சைலன்சர் காற்றை மறிக்கும். ரேடியேற்றர் விசிறி தாங்கும் அழுத்தத்தைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து, தேவையென்றால் திறப்பைப் பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.