வெள்ளியை உயர்த்தலாமா, யானையை உயர்த்தாமல் விடலாமா?

அன்புள்ள ஐயா,

நான் கொஞ்ச காலமாக இணையத்தில் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆடுகிறேன். எதிரியின் எல்லைக்குள் காய் போனதும் உயர்த்தவா வேண்டாமா என்று திரை கேட்கும். நான் யோசிக்காமல் உயர்த்திவிடுவேன். என்னைவிட நன்றாக ஆடும் நண்பர் ஒருவர், வெள்ளியை அப்படி உயர்த்தாதே என்கிறார். தங்கமாக மாறினால் ஒரு கட்டம் கூடுதலாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன்? யானையையும் உயர்த்தாமல் விடும் நேரம் உண்டாம். யானைக்கு அதனால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவே இல்லை. விளக்குவீர்களா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

இரண்டும் வேறு வேறு கேள்விகள். வெள்ளி உயரும்போது ஒன்றை இழந்து இன்னொன்றைப் பெறுகிறது. யானை எதையும் இழப்பதில்லை. அதனால் வெள்ளியில் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். யானையில் மிக அரிதாக ஒரே ஒரு காரணத்துக்காக யோசித்தால் போதும்.

முதலில் வெள்ளி. அது முன்னால் மூன்று கட்டங்களுக்கும் (நேர் முன், இரண்டு முன் மூலைகள்), பின்னால் இரண்டு மூலைகளுக்கும் போகும். மொத்தம் ஐந்து. உயர்ந்தால் தங்கத்தின் நடை வந்துவிடும்: முன்னால் அதே மூன்று, இரண்டு பக்கங்கள், நேர் பின். மொத்தம் ஆறு. நீங்கள் ஆறு ஐந்தைவிடப் பெரிது என்று பார்த்திருக்கிறீர்கள். ஆனால் முன்னால் உள்ள மூன்று கட்டங்கள் இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். எதிரியின் கோட்டைக்குள் நுழைகிற காய் முன்னே எதைத் தாக்குகிறதோ, உயர்த்தினாலும் உயர்த்தாவிட்டாலும் அதையேதான் தாக்கும். மாறுவது பக்கமும் பின்புறமும் மட்டுமே.

கட்டங்களை ஷோகிக்காரர்கள் எழுதுகிற வழக்கப்படியே எழுதுகிறேன். முதல் எண் வலப்பக்கத்திலிருந்து எண்ணுகிற நெடுவரிசை, அடுத்தது மேலிருந்து எண்ணுகிற குறுக்கு வரிசை. நாம் கீழே இருந்து மேலே ஏறுகிறோம். அதனால் மேலே உள்ள 1, 2, 3 ஆகிய வரிசைகள்தான் உயர்த்தும் பகுதி.

நம் வெள்ளி 4-3இல் நுழைகிறது என்று வையுங்கள். எதிரியின் தங்கம் 3-1இல் நிற்கிறது. எதிரி, நம்மிடமிருந்து பிடித்துக் கையில் வைத்திருக்கும் ஒரு சிப்பாயை 4-2இல் வைத்து நம் வெள்ளியைத் தாக்குகிறார். அந்தச் சிப்பாய்க்குத் தங்கம் காவல், எடுக்க முடியாது. இப்போது வெள்ளியை ஏற்கெனவே உயர்த்தியிருந்தால் அது 4-4க்கு நேராகப் பின்வாங்கலாம், அல்லது பக்கவாட்டில் 3-3க்கோ 5-3க்கோ நகரலாம். பக்கவாட்டில் போனால் எதிரியின் காய்களுக்கு நடுவிலேயே தங்கும், அடுத்த அடி அங்கேயும் விழும். 4-4க்கு வந்தால், தங்க நடையில் ஒரு காய் நடுப்பலகையில் மெதுவாக நிற்கும். உயர்த்தாத வெள்ளியாக இருந்தால் 5-4க்கோ 3-4க்கோ மூலைவாட்டில் வெளியே வந்து, அடுத்த முறை வேறு கட்டத்தின் வழியாக மறுபடி நுழையலாம். உள்ளே போவது, பின்வாங்குவது, இடம் மாற்றி மறுபடி போவது என்று இருப்பதுதான் வெள்ளியின் பலம். உயர்த்திய நொடியில் அது போய்விடுகிறது.

இதோடு சேர்த்து இன்னொரு விதியை நினைவில் வைக்க வேண்டும். உயர்த்தும் பகுதிக்குள் நுழையும்போது மட்டுமல்ல, அதற்குள்ளேயே நகரும்போதும், அங்கிருந்து வெளியேறும்போதும் உயர்த்தலாம். அதாவது இன்று உயர்த்தாத வெள்ளியை நாளைக்கும் உயர்த்தலாம். உயர்த்திய காய், எதிரி அதைப் பிடித்துத் தன் கையில் எடுக்கும்வரை, பழைய நடைக்குத் திரும்பாது. ஒரு கதவு திறந்தே இருக்கிறது, மற்றது ஒரே முறை மூடுகிற கதவு. உங்கள் நண்பர் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எப்போது உயர்த்துவது? இந்த நகர்த்தலிலேயே பக்கத்துக் கட்டமோ நேர் பின் கட்டமோ அடைபட வேண்டும் என்றால், உயர்த்துங்கள். அதே வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். உயர்த்தாமல் 4-3இல் நிற்கிறது. எதிரி ராஜா 2-1இல். அவருடைய ஈட்டி 1-1இல் இருப்பதால் அந்தக் கட்டம் அவருக்குக் கிடையாது. நம் குதிரை 2-4இல் நிற்கிறது. ஷோகிக் குதிரை முன்னோக்கி மட்டுமே தாவும், ஆகவே அது 1-2ஐயும் 3-2ஐயும் காக்கிறது. இந்தப் பகுதியில் எதிரிக்கு வேறு காய் இல்லை. நாம் வெள்ளியை 3-2க்கு நகர்த்தி ராஜாவுக்கு செக் வைக்கிறோம்.

உயர்த்தாமல் நகர்த்தினால் ராஜா 2-2க்கு இறங்கித் தப்பிவிடுவார். அது வெள்ளிக்குப் பக்கவாட்டுக் கட்டம், வெள்ளியால் அதைப் பார்க்கவே முடியாது. உயர்த்தி நகர்த்தினால் 2-2 அடைபடுகிறது. 3-1 நேர் முன்னால் இருப்பதால் ஏற்கெனவே நம் பிடியில். 1-2ஐக் குதிரை பார்க்கிறது. 3-2இல் நிற்கும் நம் காயை எடுக்கவும் முடியாது, குதிரை காவல் இருக்கிறது. ராஜா மாட்டிக்கொண்டார், ஆட்டம் முடிந்தது. முந்தைய நகர்த்தலில் 4-3இல் உயர்த்தாமல் வைத்திருந்ததால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. தேவைப்பட்ட கட்டத்தில், தேவைப்பட்ட நகர்த்தலில் உயர்த்தினோம்.

இப்போது யானை. உயர்ந்த யானைக்கு டிராகன் என்று பெயர். யானையின் நீளமான நடை முழுவதும் அப்படியே இருக்கும். கூடவே நான்கு மூலைகளுக்கும் ஒரு கட்டம் நகரலாம். சிப்பாயும் பிஷப்பும் இதே மாதிரிதான், உயரும்போது எதையும் இழப்பதில்லை. அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் யானையைத் தயங்காமல் உயர்த்துங்கள். விதிவிலக்கு ஷோகியின் ஒரு விசித்திரமான சட்டத்திலிருந்து வருகிறது. கையில் இருக்கும் சிப்பாயைப் பலகையில் வைத்து, அந்த நகர்த்தலாலேயே ராஜாவை மாட்டவைக்கக் கூடாது. ஜப்பானியர்கள் இதை உச்சிஃபுசுமே என்பார்கள். பலகையில் ஏற்கெனவே இருக்கும் சிப்பாயை நகர்த்தி மாட்டவைக்கலாம், கையிலிருந்து வைத்துச் செக் மட்டும் கொடுக்கலாம், அதுவெல்லாம் சரி. கையிலிருந்து வைத்த சிப்பாயால் ராஜா அங்கேயே முடிந்துபோவதுதான் கூடாது.

ஆகவே நம் காய் மிகவும் பலமாக இருந்தால், சிப்பாயை வைக்கிற வழியே சட்டப்படி மூடிவிடும். ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள்.

எதிரி ராஜா 1-1இல், அவருடைய ஈட்டி 1-2இல். எதிரியின் யானை நம் பக்கம் இறங்கி 3-8இல் நிற்கிறது, மூன்றாம் நெடுவரிசை காலியாக இருப்பதால் அது 3-1வரை பார்க்கிறது. எதிரியின் கையில் எதுவும் இல்லை. நமக்கு 2-4இல் ஒரு தங்கம், 5-2இல் ஏற்கெனவே உயர்ந்து தங்க நடை பெற்ற ஒரு சிப்பாய், 4-6இல் யானை, கையில் ஒரே ஒரு சிப்பாய். நான்காம் நெடுவரிசை மேலே 4-1வரை காலி. நாம் யானையை 4-1க்கு ஏற்றிச் செக் வைக்கிறோம்.

வழக்கப்படி உயர்த்தி டிராகனாக்கினோம் என்று வையுங்கள். ராஜா 2-2க்கு இறங்குகிறார், வேறு வழி அவருக்கு இல்லை. (யானையை 3-1இல் குறுக்கே நிறுத்தினால் அதை எடுத்து அங்கேயே மாட்டவைத்துவிடலாம்.) இப்போது கை சிப்பாயை 2-3இல் வைக்கத் தோன்றும். ஆனால் ராஜா போகக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். முதல் வரிசையை டிராகன் காக்கிறது. 1-3, 2-3, 3-3 மூன்றையும் தங்கம் காக்கிறது. 1-2இல் அவருடைய ஈட்டியே நிற்கிறது. மிச்சம் இருப்பது 3-2, அதையும் டிராகன் மூலைவாட்டில் பார்க்கிறது. சிப்பாய் வைத்தால் முழு மாட்டு. அதனால் வைக்கக் கூடாது, வைத்தால் ஆட்டம் தோல்வி. வேறு செக்குகள் இருக்கின்றன, ஆனால் எதுவும் முடிவதில்லை. டிராகனை 4-2க்கு இறக்கினால் ராஜா 1-1க்குத் திரும்பிவிடுவார். அங்கிருந்து 3-1க்குப் போனால் எதிரியின் யானை எடுத்துவிடும். 4-1, 4-2 என்று மாறி மாறிச் செக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதே நிலை நான்கு முறை வந்ததும் செக் கொடுப்பவருக்கே தோல்வி.

அதே யானையை உயர்த்தாமல் 4-1இல் நிறுத்துங்கள். ராஜா 2-2க்கு வருகிறார். சிப்பாயை 2-3இல் வைக்கிறோம். இப்போது 3-2 திறந்திருக்கிறது, யானைக்கு மூலைக் கண் இல்லையே. ராஜாவுக்குப் போக இடம் இருப்பதால் இது வெறும் செக், சட்டப்படி சரி. ராஜா 3-2க்குப் போகிறார், அது ஒன்றுதான் வழி. உடனே 5-2இல் இருக்கும் உயர்ந்த சிப்பாயைப் பக்கவாட்டில் 4-2க்கு நகர்த்துகிறோம். அதற்கு யானை காவல். யானைக்கு அந்தச் சிப்பாய் காவல், ஆகவே ராஜா 4-1ஐயும் எடுக்க முடியாது. 4-3 சிப்பாயின் நேர் பின் கட்டம், அதுவும் அடைபட்டது. 2-2ஐ நாம் வைத்த புதுச் சிப்பாய் பார்க்கிறது. 3-3 தங்கத்தின் பிடியில். மாட்டு. பலம் குறைந்த காயை வைத்து ஒரு சின்ன வழியைத் திறந்துவிட்டு, ராஜாவை அந்த வழியிலேயே பிடித்தோம்.

இது புதிர்ப் புத்தகங்களில் மட்டும் வருகிற வித்தை என்று நினைக்க வேண்டாம். 1983இல் ஒரு லீக் ஆட்டத்தில் ஜப்பானியத் தொழில்முறை வீரர் தனிகாவா கோஜி, இன்னொரு தொழில்முறை வீரரான ஒயாமா யாசுஹாருவுக்கு எதிராக, இதே சட்டத்தைத் தவிர்ப்பதற்காகப் பிஷப்பை 4-3இல் உயர்த்தாமல் நிறுத்தினார். ஷோகி ரசிகர்கள் இன்றும் பேசுகிற நகர்த்தல் அது. இருந்தாலும் இத்தகைய நிலை அரிது. எல்லாம் ராஜா மாட்டப்போகும் கடைசி நகர்த்தல்களில்தான் வரும்.

அதனால் யானையை உயர்த்தும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: ராஜாவைத் துரத்திக்கொண்டிருக்கிறேனா? கையில் சிப்பாய் இருக்கிறதா? அந்தச் சிப்பாயை ராஜாவின் முகத்துக்கு நேராக வைத்து முடிக்கத் தோன்றுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் திரையில் அழுத்தும் முன் நின்று, உயர்த்தாத யானையை வைத்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கு அப்படி இல்லை. அதில் உங்கள் கையை முதலில் "வேண்டாம்" பக்கம் கொண்டுபோய்ப் பழகுங்கள். பக்கத்துக் கட்டம் அடைபட வேண்டிய அவசரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.