edf 9.000 என்று வந்த வளைவை நம்பலாமா?

"ஐயா, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் 12 ஊர்களில் 240 பிசான வயல்களைக் கேட்டு, ஏக்கருக்குப் போட்ட தழைச்சத்தையும் விளைச்சலையும் எடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு தீசிஸ் சென்டரில் கேம் மாடல் போட்டுக் கொடுத்தார்கள். 3 மூட்டை யூரியா பக்கம் வளைவு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறுகிறது. ஏன் என்று கைடு கேட்கிறார். தாளில் edf 9.000 என்று இருக்கிறது. பள்ளம் உண்மையா, ஐயா?"

நம்பாதீர்கள் தம்பி. edf என்பது கோடு எவ்வளவு நெளிந்திருக்கிறது என்பதன் அளவு, அந்த 9.000-தான் காட்டிக்கொடுக்கிறது.

கேம் மாடல் வரைகிற வளைவு ஒரு ஸ்ப்லைன், அதாவது சிறு வளைவுத் துண்டுகளைக் கூட்டிச் செய்த ஒரு கோடு. k = 10 என்றால் அந்தக் கோடு அதிகபட்சம் 9 அளவுக்கு நெளியலாம் என்று அனுமதி, அவ்வளவுதான். எவ்வளவு நெளிய வேண்டும் என்பதைத் தரவு முடிவு செய்யும், ஏனென்றால் நெளிவுக்கு ஒரு அபராதம் உண்டு, புள்ளிகளோடு ஒட்டிப் போவதில் கிடைக்கும் லாபம் அந்த அபராதத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் கோடு வளையும். அப்படி வந்த edf 2.7, 4.3 என்று துண்டு எண்ணாகத்தான் நிற்கும். கச்சிதமாக 9.000 வந்தால், fx = TRUE என்று போட்டு அபராதத்தையே அணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். படம் பார்க்க அழகாக இருக்கும், R² கொஞ்சம் கூடும், காசு வாங்கலாம்.

இதைக் கேட்டு 1.000 என்று வந்தாலும் பயந்துவிடாதீர்கள். அது வேறு கதை. அபராதம் வேலை செய்து, வளைவுக்கு ஆதாரமே இல்லை என்று கோட்டை நேராக்கியிருக்கிறது. 1.000 வந்தால் நேர்கோடு போதும் என்று எழுதிவிடலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மேல் வரம்பில் வந்து முட்டி நிற்கிற முழு எண்தான் சந்தேகம், அடியில் நிற்கிற ஒன்று அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல மாடலைத் தூக்கிப் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பள்ளம் எங்கிருந்து வந்தது? நீங்கள் அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். விவசாயி கிலோவிலா சொல்வார், மூட்டையில் சொல்வார். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக மூட்டைக்கு 20.7 கிலோ. அதனால் உங்கள் 240 வயலும் 20.7, 41.4, 62.1 என்று குவியல் குவியலாக நிற்கின்றன, டிஏபி போட்டவர்களையும் சேர்த்து மொத்தமே 14 வெவ்வேறு அளவுகள்தான். அபராதம் இல்லாத கோடு ஒவ்வொரு குவியலின் சராசரியையும் தொட்டுத் தொட்டு ஓடும். 62.1-இல் நிற்கும் 31 வயல்களில் 22 வயல்கள் கடைமடையில் இருக்கிற இரண்டே ஊர்கள். அங்கே தண்ணீர் கடைசியாகத்தான் வரும், விளைச்சல் குறைகிறது. அந்தப் பழியை யூரியா சுமக்கிறது.

ஆகவே ஊரையும் மாடலில் வையுங்கள்:

```r
library(mgcv)
m <- gam(vilaichal ~ factor(ur) + s(thazhai, k = 10),
         data = vayal, method = "REML")
summary(m)
gam.check(m)
```

factor மறக்க வேண்டாம். ஊருக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்திருக்கிறீர்கள், அப்படியே விட்டால் 12-ஆம் ஊர் முதல் ஊரைப்போல 12 மடங்கு என்று கணினி எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரே ஊருக்குள் குறைவாகப் போட்டவரையும் அதிகமாகப் போட்டவரையும்தான் ஒப்பிடுகிறோம்.

இங்கே ஓட்டினேன், edf 2.6. இரண்டரை மூட்டை வரை ஏறி, அப்புறம் கிட்டத்தட்ட மட்டமாகப் போகிறது, பள்ளம் போய்விட்டது. k-ஐ 13 ஆக்கியும் பார்த்தேன், வளைவு அசையவில்லை, அதனால் 10 போதும். அசைந்திருந்தால் வரம்பு இறுக்கமாக இருந்தது என்று பொருள். 4 மூட்டைக்கு மேல் 6 வயல்கள்தான் இருக்கின்றன, அந்த இடத்தில் வளைவின் நிச்சயமின்மையைக் காட்டும் நிழல் பட்டை விரிந்து கிடக்கிறது. அங்கே விளைச்சல் குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ ஒரு வரியும் எழுதாதீர்கள்.

fx = TRUE போட்டால், மாடல் எவ்வளவு விளக்குகிறது என்று காட்டும் deviance explained கூடுதே என்று சென்டர்காரர் வாதாடுவார். அபராதத்தை எடுத்தால் அது கூடத்தான் செய்யும், பொய்க் குவியலைத் தொட்டாலும் கூடும். ஆனால் ஆய்வேட்டில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள், மாடலை எப்படி ஓட்டினாய், கட்டளையைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்த வியாபாரம் ஒரு மாதம் நடக்காது. நீங்களாவது காசு கொடுத்த சென்டரில் போய் கட்டளைக் கோப்பை வாங்குங்கள். தர மறுத்தால் அவர்கள் கொடுத்த அட்டவணை எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள், மேலே உள்ள நான்கைந்து வரியை நீங்களே ஓட்டி, படத்தோடு கைடிடம் போங்கள்.