டப்பாவும் பில்லும் இல்லாத போனை வாங்கி விற்கலாமா?

"திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தெரிந்த புரோக்கர் ஒரு போன் கொண்டுவந்து 7,000 ரூபாய் கேட்கிறார். பில், டப்பா எதுவும் இல்லை. திரையில் லேசாக நிழல் தெரிகிறது. வாங்கி விற்றால் பின்னால் பிரச்சினை வருமா? அந்த நிழலைச் சொல்லித்தான் விற்க வேண்டுமா?"

இன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். போனுக்குச் சொந்தக்காரர் உங்கள் கடைக்கு நேரில் வரட்டும். அவர் வரமாட்டார் என்று புரோக்கர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் `*#06#` டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். செட்டிங்ஸில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் `KYM` என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இரண்டு எண்களுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்கவே கூடாது.

பதில் சுத்தமாக வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். போனைத் தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு விண்ணப்பித்த பிறகுதான் எண் முடக்கப்படுகிறது. புகார் ரசீது வாங்கவே ஜனங்கள் நாள்கணக்கில் அலைகிறார்கள். இந்த இடைவெளியில்தான் கடலூரில் பறிபோன போன் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கும், அங்கே தொலைந்தது இங்கேயும் வந்து சேர முடிகிறது. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அடிமாட்டு விலைக்கு, ஆள் யாரென்றே தெரியாமல் வாங்கியதையே அந்தக் காரணமாகக் காட்டுவார்கள். புரோக்கர் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார், கடையில் இருக்கும் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

இன்னொரு கண்ணி தவணை போன். தவணை பாக்கி இருக்கிறதா என்பது அந்த எஸ்எம்எஸ்ஸில் தெரியாது. ஏன் அதையும் சேர்த்துக் காட்டக்கூடாது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "டியூ எல்லாம் முடிஞ்சுது அண்ணே" என்ற வார்த்தையை நம்பி நானே ஒரு போன் வாங்கி விற்றேன். மூன்றாவது வாரம் திரை முழுக்க நிதி நிறுவனத்தின் அறிவிப்பு வந்து பூட்டிக்கொண்டது. வாங்கிய பையன் அதைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் நின்றான். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் விற்பவரையே கூகுள் கணக்கை எடுக்கச் சொல்லி, உங்கள் முன்னால் ரீசெட் செய்யவையுங்கள். பிறகு வைஃபையில் இணைத்து முதல் திரை முதல் கடைசி வரை செட்டப் செய்யுங்கள். நிதி நிறுவன ஆப் தானாக இறங்கினாலோ, போன் வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் காட்டினாலோ கடன் முடிந்த சான்று இல்லாமல் தொடாதீர்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான்.

பில் இல்லாதவர் எல்லாரும் திருடர் இல்லை. நம் பக்கம் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த போன் நிறைய உண்டு. டப்பாவை அங்கேயே போட்டிருப்பார், பில் அவர் மெயிலில் கிடக்கும். அப்படிப்பட்டவரை விரட்டாதீர்கள். அந்த அண்ணனை வீடியோ காலில் கூப்பிடச் சொல்லுங்கள். பில்லை அனுப்பச் சொல்லி, எந்த மொழியில் இருந்தாலும் அதில் ஐஎம்இஐ எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பில்லே கிடைக்காவிட்டால், முன்பு அந்தப் போனில் எடுத்த குடும்பப் படங்களை அவருடைய கூகுள் கணக்கில் திறந்து காட்டச் சொல்லலாம். ஒரு படத்தின் விவரத்தைத் தொட்டால் எடுத்த தேதியும் போன் மாடலும் தெரியும். தன் போனை விற்பவருக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. இது முழு ஆதாரம் ஆகாது. அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் அப்போதும் வேண்டும்.

நிழலுக்கு வருவோம். கடை விளக்கை அணைத்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். மேல்விளிம்பிலும் கீபோர்டு வரும் இடத்திலும் கறை மாதிரி தெரிந்தால் அது ஓஎல்இடி திரை எரிந்த தடம். எந்த ஆப் போட்டாலும் போகாது. இதே மாடல் நல்ல நிலையில் 10,000 ரூபாய்க்குப் போகிறது, டிஸ்ப்ளே மாற்ற 2,500 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நிழலோடு இது 7,500க்குத்தான் போகும். உங்கள் லாபம், ஒரு மாதம் பழுது பார்த்துத் தரும் செலவு இரண்டுக்கும் 1,500 கழித்தால் 6,000. அவர் கேட்கும் 7,000 கட்டுப்படியாகாது.

கட்டாயம் சொல்லித்தான் விற்க வேண்டும். "லேசாகப் பயன்படுத்தியது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "வெள்ளைத் திரையில் கீழ்ப்பாதியில் கீபோர்டு வடிவ நிழல் தெரியும், டச் சரியாக இருக்கிறது, டிஸ்ப்ளே மாற்றவில்லை" என்று எழுதி, அந்த வெள்ளைத் திரைப் படத்தையே முதல் படமாகப் போடுங்கள். அதே வரியை ஐஎம்இஐ எண்ணோடு பில்லிலும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.