20 நிமிடத்தில் பிராங்க்பர்ட்

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டு வைஃபை போய்விட்டது. இரவு 8 மணிக்குக் கைப்பேசியில் மின்னஞ்சல் பார்த்தேன். 8.20க்கு மகனின் மடிக்கணினியில், தங்கையின் ஹாட்ஸ்பாட் வழியாகத் திறந்தேன். கடவுச்சொல் சரிதான். ஆனாலும் 'சந்தேகத்திற்குரிய உள்நுழைவு, பிராங்க்பர்ட்' என்று தடுத்துவிட்டது. மகன் தொடர் பார்க்கப் பிரவுசரில் ஏதோ இலவச விபிஎன் போட்டிருந்தானாம். ஹாட்ஸ்பாட்தான் காரணமா? யாராவது கணக்கில் நுழைந்துவிட்டார்களா?

— ஒரு வாசகி

வணக்கம் அம்மா.

தங்கையைத் திட்டாதீர்கள். மொபைல் நிறுவனங்களிடம் ஐபி முகவரிகள், அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள், போதாது. அதனால் ஒரே முகவரியின் வழியாகப் பலரை வெளியே அனுப்புகிறார்கள். அந்த முகவரி கோலாலம்பூரில் பதிவாகியிருந்தால், தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் கோலாலம்பூரில் இருப்பதாகவே தெரியும். இது மின்னஞ்சல் நிறுவனங்களுக்குப் பழகிப்போன விஷயம், அதை மட்டும் வைத்துப் பெரிதாகச் சந்தேகப்படாது.

கடவுச்சொல் திருடுபோகக்கூடியது என்பதால், அது சரியாக இருந்தாலும் மற்ற அடையாளங்களையும் பார்த்துச் சந்தேகத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். நிறுவனங்கள் தங்கள் எண்களை வெளியே விடுவதில்லை. விளங்குவதற்காக நானே சில எண்களை வைக்கிறேன். 40ஐத் தாண்டினால் ஓடிபி கேட்கும், 80ஐத் தாண்டினால் தடுக்கும் என்று கொள்வோம்.

மகனின் கணினியில் நீங்கள் இதுவரை நுழைந்ததே இல்லை. நுழைந்திருந்தால் பிரவுசரில் ஒரு குக்கி இருக்கும், 'இவரைத் தெரியும்' என்று அது சொல்லும். அது இல்லாததற்கு 30. விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறோர் ஊர்க் கணினி வழியாகச் சுற்றி அனுப்புவது. அது உங்களைப் பிராங்க்பர்ட்டில் உள்ள ஒரு தரவு மையத்து முகவரியிலிருந்து வெளியே விட்டது. வீட்டு மனிதர்கள் அங்கிருந்து வருவது குறைவு, திருடர்கள் வருவது அதிகம். அதற்கு 25. 8 மணிக்கு மலேசியா, 8.20க்கு ஜெர்மனி. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டரை எந்த விமானமும் 20 நிமிடத்தில் கடக்காது. அதற்கு 35. மொத்தம் 90, கதவு சாத்தப்பட்டது.

விபிஎன் இல்லாமல் அதே கணினி, அதே ஹாட்ஸ்பாட் என்றால் 30தான், விட்டிருக்கும். உண்மையில் இது வெறும் கூட்டல் அல்ல, எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதையும் பார்ப்பார்கள். ஆனால் போக்கு இதுதான்.

(விபிஎன் தங்கையின் கைப்பேசியில் இருந்திருந்தால்? ஆண்ட்ராய்டில் பொதுவாக அது ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கணினிக்குப் பொருந்தாது. பிரவுசரில் இருந்ததுதான் வினை.)

சரி, இப்போது மறுபடி மறுபடி முயலாதீர்கள், அதுவும் சந்தேகத்தைக் கூட்டும். விபிஎன்னை அணைத்துவிட்டு, ஏற்கெனவே நுழைந்திருக்கும் உங்கள் கைப்பேசியில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தை நீங்களே திறங்கள். எச்சரிக்கை மடலில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம், போலி மடலும் அச்சாக அப்படித்தான் இருக்கும். அங்கே 8.20 என்ற நேரமும் மகனின் கணினி வகையும் பொருந்தினால், வந்தது நீங்கள்தான் என்று ஒப்புதல் கொடுங்கள். நீங்கள் தொடாத நேரத்தில் வேறு ஏதாவது பதிவு இருந்தால் மட்டும், அந்தக் கைப்பேசியிலிருந்தே உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றிவிடுங்கள்.