சேர்விஸ் லெட்டரில் ஒரு திகதி, ரிலீவிங் லெட்டரில் இன்னொரு திகதி

கேள்வி: கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2020 யூன் 15 அன்று கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். 2025 மே 20 அன்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். மிச்சமிருந்த வருடாந்த லீவை எடுத்ததால் யூன் 6-க்குப் பிறகு ஒபிசுக்குப் போகவில்லை. சம்பளம் யூன் 20 வரை தந்தார்கள். சேர்விஸ் லெட்டரில் யூன் 6 வரை வேலை செய்ததாக எழுதியிருக்கிறார்கள். ரிலீவிங் லெட்டரில், நிலுவைகளைத் தீர்ப்பதற்கு உட்பட்டு யூன் 20-இல் இருந்து விடுவிக்கப்படுவார் என்று இருக்கிறது. டோஹாவில் வேலை தந்தவர்கள் இரண்டு கடிதங்களையும் கேட்கிறார்கள். அப்படியே அனுப்பலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: அனுப்ப வேண்டாம். இரண்டையும் திருத்தி வாங்குங்கள். டோஹா வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேர்விஸ் லெட்டரில் உள்ள திகதி உங்கள் பணிக்கொடையையும் தொடுகிறது.

லீவில் இருக்கும் நாளும் சேவை நாள்தான். அனுமதி பெற்று லீவு எடுத்து, அந்த நாட்களுக்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வேலை ஒப்பந்தம் முடிந்தது யூன் 20 அன்று. யூன் 6 நீங்கள் ஒபிசுக்கு வந்த கடைசி நாள் மட்டுமே. "நோட்டீஸ் காலம் வேண்டாம், இன்றே போகலாம்" என்று சொல்லி 6-ஆம் திகதியுடன் சம்பளத்தையும் நிறுத்தியிருந்தால் கதை வேறு. உங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

இந்த இரண்டு வார வித்தியாசம் எங்கே உதைக்கிறது? 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடச் சேவை பூர்த்தியானால்தான் பணிக்கொடை உண்டு. உங்களுடைய ஐந்தாவது வருடம் யூன் 14-உடன் பூர்த்தியாகிறது. யூன் 6 என்று எழுதிய கடிதத்தைப் பேசாமல் வாங்கி வைத்தால், ஐந்து வருடம் ஆகவில்லை என்பதற்கு அதையே நாளை உங்களிடம் காட்டுவார்கள். மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கணக்கில் சேரும் கடைசிச் சம்பளம் 120,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வருடத்துக்கு 300,000 ரூபாய். சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

ரிலீவிங் லெட்டரில் திகதி சரி, வசனம்தான் பிழை. "உட்பட்டு விடுவிக்கப்படுவார்" என்றால் விடுவிப்பு இன்னும் முடியவில்லை, ஒரு நிபந்தனை பாக்கி இருக்கிறது என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். புதிய முதலாளி இந்தக் கடிதத்தைக் கேட்பதே, பழைய இடத்தில் உங்கள் மீது கோரிக்கை ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். லப்டொப், அடையாள அட்டை, முற்பணம் எல்லாம் ஒப்படைத்திருந்தால் இப்படி எழுதித் தரக் கேளுங்கள்: "மே 20 திகதியிட்ட பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2025 யூன் 20 அன்று வேலை நேர முடிவில் இவர் விடுவிக்கப்பட்டார். இவரிடமிருந்து நிறுவனத்துக்கு வரவேண்டிய நிலுவை எதுவும் இல்லை." ஆங்கிலக் கடிதத்திலும் "விடுவிக்கப்பட்டார்" என்று முடிந்துபோன காலத்தில்தான் வர வேண்டும்.

சேர்விஸ் லெட்டரில் திகதியுடன் இன்னொன்றையும் பாருங்கள். இடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தால், எந்தப் பதவியில் எப்போதிலிருந்து எப்போது வரை என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கடைசிப் பதவியை மட்டும் எழுதினால், ஐந்து வருடமும் அந்தப் பதவியிலேயே இருந்ததாக அர்த்தம் வரும். டோஹாவிலிருந்து யாராவது உங்கள் பழைய எச்.ஆர். பிரிவுக்கு அழைத்து விசாரித்தால், பொய் சொன்னவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

கேட்பதை ஈமெயிலில் கேளுங்கள். பதவி விலகல் கடிதம், அதை ஏற்றுக்கொண்ட பதில், லீவு அனுமதி, யூன் மாத பே ஸ்லிப் ஆகிய நான்கையும் இணையுங்கள். புதிய கடிதத்தில் புதிய திகதியும், முன்னைய கடிதத்துக்குப் பதிலாக இது வழங்கப்படுகிறது என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அவசரத்தில் பி.டி.எஃப்-இல் நீங்களே திகதியை மாற்றிவிடாதீர்கள். சொல்வது உண்மையான திகதியாகவே இருந்தாலும் அது ஆவணத்தில் கைவைத்ததாகும், இங்கேயும் கட்டாரிலும் குற்றவியல் பிரச்சினையாக முடியக்கூடும்.

நிறுவனம் இழுத்தடித்தால், டோஹாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதவி விலகலை ஏற்ற கடிதத்தையும், யூன் பே ஸ்லிப்பையும், மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் அனுப்புங்கள். நிதிக் கணக்கு நிறுவனத்தின் கையில் இல்லாத பதிவு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். பணிக்கொடை 30 நாட்களில் வராவிட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பயணத்துக்கு முன் செய்துவிட்டால் நல்லது. போன பிறகு என்றால், உங்கள் சார்பில் ஆஜராக ஒருவருக்கு அட்டோர்னி பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.