இன்டர்வியூ எடுப்பவர் வராமல் போனால் மெயிலில் என்ன எழுதலாம்?

"நேற்று காலை 11 மணிக்கு கூகுள் மீட்டில் இன்டர்வியூ. 11:40 வரை பார்த்தேன், யாரும் வரவில்லை. எச்.ஆரிடமிருந்தும் தகவல் இல்லை. எரிச்சல் தெரியாமல் எப்படிக் கேட்பது?"

இன்றைக்கே எழுதிவிடுங்கள். நேரம் குறித்துக் கொடுப்பவர் எச்.ஆர், கேள்வி கேட்க வேண்டியவர் வேறு ஏதோ டீமின் லீட். அவர் வரவில்லை என்பதே எச்.ஆருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு: அவர் பழைய லிங்க்கில் போய் உட்கார்ந்திருந்து, ஆள் வரவில்லை என்று உங்கள் பெயரில் குறித்திருக்கவும் கூடும். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தக் குறிப்புதான் நிற்கும்.

இன்டர்வியூ அழைப்பு வந்த அதே மெயிலுக்குப் பதிலாக, எச்.ஆருக்கு மட்டும் அனுப்புங்கள். இன்டர்வியூ எடுப்பவரையும் சேர்த்தால் அவரைப் பற்றிப் புகார் சொல்வதுபோல் ஆகிவிடும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நேற்று காலை 11 மணி இன்டர்வியூவுக்கு அழைப்பில் இருந்த லிங்க் வழியாக 10:55-க்கு இணைந்து, 11:40 வரை இணைப்பில் இருந்தேன். சந்திப்பு நடக்கவில்லை. நேரமோ லிங்க்கோ மாறியிருந்தால் தெரியப்படுத்துங்கள். வியாழன் மாலை 4 மணிக்குப் பிறகும் வெள்ளி காலையிலும் என்னால் பேச முடியும்."

"காத்திருந்தேன்", "யாரும் வரவில்லை" என்ற சொற்களைத் தவிர்த்திருப்பதைக் கவனியுங்கள். நேரத்தை மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். "உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும்" என்று நாமாகச் சமாதானம் சொல்வதும் வேண்டாம். படிப்பவருக்கு அது குத்தலாகத்தான் கேட்கும். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் எச்.ஆருக்கு ஒரு போன் செய்யுங்கள். முதல் மெயிலைக் குறிப்பிட்டுப் புது நேரம் கேட்டால் போதும், நடந்ததைத் திரும்ப விவரிக்க வேண்டாம்.

இன்டர்வியூ எடுப்பவர் அரை மணி நேரம் தாமதமாக வந்து அவசரமாக முடித்திருந்தால், நன்றி மெயிலில் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். விடுபட்டதை மட்டும் கேளுங்கள்: "கடைசியில் கேட்ட டேட்டாபேஸ் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. பதினைந்து நிமிடம் கிடைத்தால் பேசுகிறேன், இல்லையென்றால் எழுதி அனுப்புகிறேன்." இதை அவர்கள் பெரும்பாலும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், அடுத்த முறை பத்தாவது நிமிடத்திலேயே எச்.ஆருக்கு "இணைப்பில் இருக்கிறேன், லிங்க் சரிதானே?" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். பல நேரம் அந்த மெசேஜைப் பார்த்து எச்.ஆரே அவரைக் கூப்பிட்டு உள்ளே வரச் சொல்லிவிடுவார்.